நிறுத்தாதீர்கள் என்று சொல்லும் நீல அட்டை

பேரனுக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் ஆகிறது. அவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது பாட்டிக்குக் காய்ச்சல் வந்து, மறுநாள் முதுகில் கொப்புளங்கள் கிளம்புகின்றன. நிலைப்படியில் மறுபடி வேப்பிலை செருகப்படுகிறது. "ஆத்தா இறங்குற வரைக்கும் மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்ல, பாட்டியின் மாத்திரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. அதற்குள் முடக்குவாதத்துக்காக அவர் இரண்டு வருடமாகத் தினமும் காலையில் போட்டுக்கொண்டிருந்த 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோனும் இருக்கிறது.

இந்தப் பாட்டி குறிப்பிட்ட ஒருவர் அல்ல. விளக்கத்துக்காகச் சொல்லும் ஒரு நிலைமை. ஆனால் அம்மை வந்தால் மருந்தை நிறுத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்னும் உண்டு. பிரெட்னிசோலோனும் அரிய மருந்து அல்ல. வைசோலோன், ஓம்னாகார்டில் என்ற பெயர்களில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். முடக்குவாதம், ஆஸ்துமா, லூபஸ், சிறுநீரக நோய்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் என்று நீண்ட காலம் அதை எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

பாட்டிக்கு அடுத்து என்ன நடக்கும்? முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் அம்மையின் அசதியோடு சேர்ந்து எழுந்து உட்காரவே முடியாத சோர்வு வரும், சாப்பாடு பிடிக்காது. மூன்றாம் நாள் வாந்தி, வயிற்றுவலி. எழுந்து நின்றால் கண் இருட்டும். கையும் காலும் சில்லிட்டுப்போய், பேச்சு குழறத் தொடங்கியதும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வார்கள். அங்கே ரத்த அழுத்தம் 80-க்குக் கீழே இருக்கும், சர்க்கரையும் இறங்கியிருக்கலாம். டிரிப்ஸ் ஏற்றியும் அழுத்தம் சரியாக ஏறாது. வயிற்றுக் கோளாறா, கிருமி ரத்தத்தில் பரவிவிட்டதா என்று மருத்துவர் யோசித்துக்கொண்டிருப்பார். மாத்திரை நிறுத்தியதைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது யாருக்கும் ஒரு தகவலாகத் தோன்றியிருக்காது.

இந்த ஆபத்து மருத்துவ உலகுக்குத் தெரிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டில் ஹென்ச்சுக்கும், அந்த மருந்தைப் பிரித்தெடுக்க உழைத்த கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்த இரண்டு ஆண்டில், 1952-இல், அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வேறொரு செய்தி வந்தது. மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்துவந்த 34 வயது முடக்குவாத நோயாளி ஒருவருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்பே ஸ்டீராய்டை நிறுத்தியிருந்தார்கள். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது. எதைச் செய்தும் மீட்க முடியாமல் அவர் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது அவரது அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிப்போயிருந்தன.

அட்ரீனல் என்பது ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் சிறிய சுரப்பி. கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரப்பது அதன் வேலைகளில் முக்கியமானது. ரத்த அழுத்தம் விழாமல் இருப்பதற்கும், பட்டினி கிடந்தாலும் சர்க்கரை இறங்காமல் இருப்பதற்கும் கார்ட்டிசால் வேண்டும். காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை என்று உடலுக்கு நெருக்கடி வரும்போது இந்தச் சுரப்பி வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரந்து கொடுக்கும். எப்போது, எவ்வளவு என்று கட்டளையிடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி.

பிரெட்னிசோலோன் கார்ட்டிசாலின் நெருங்கிய உறவு. உடல் ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்ட்டிசாலுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சமம். வெளியிலிருந்து தினமும் அந்த அளவோ அதற்கு மேலோ வந்துகொண்டிருந்தால், ரத்தத்தில் வேண்டியது இருக்கிறதென்று பிட்யூட்டரி கட்டளையிடுவதை விட்டுவிடும். கட்டளை வராத சுரப்பி சில வாரங்களில் சுருங்கத் தொடங்கும். பாட்டியின் சுரப்பி இரண்டு வருடமாக வேலை செய்யவில்லை. அவர் நிறுத்தியது மூட்டுவலி மாத்திரையை மட்டுமல்ல; உடலில் இருந்த கார்ட்டிசால் முழுவதையுமே நிறுத்திவிட்டார். அதுவும் உடலுக்கு அது பல மடங்கு தேவைப்பட்ட நாளில்.

மூன்று வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான். ஆஸ்துமா அதிகமானபோது ஐந்து நாள் மட்டும் போட்டு நிறுத்தியவர்கள் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அப்படிப்பட்ட குறுகிய கால மருந்தை ஒரு வருடத்தில் பல முறை எடுத்தவர்களையும் கவனமாகத்தான் பார்க்க வேண்டும். குறைக்கும்போது 20 மில்லிகிராமிலிருந்து 10 வரை ஓரளவு வேகமாக இறங்கலாம். 7.5-க்குக் கீழே வந்ததும், மாதத்துக்கு ஒரு மில்லிகிராம் என்பதுபோல் மெதுவாக இறக்குவார்கள், ஏனென்றால் சுரப்பி விழித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். சந்தேகம் இருந்தால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு, அன்றைய மாத்திரை போடுவதற்கு முன் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பார்கள். சுரப்பி முழுதாகத் தேற சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட நோயாளிகளின் கையில் ஒரு நீல நிற அட்டையைக் கொடுத்து அனுப்புவது வெகுகால வழக்கம். நான் ஸ்டீராய்டு சிகிச்சையில் இருக்கிறேன், இதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்று நோயாளியின் வாய்மொழியாகவே அதில் அச்சிட்டிருக்கும். உள்ளே மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, இப்போதைய அளவு, மருத்துவரின் பெயர் ஆகியவற்றை எழுத இடம் உண்டு. பல் மருத்துவர், மருந்துக்கடைக்காரர் உட்பட யார் சிகிச்சை கொடுத்தாலும் இதைக் காட்டுங்கள் என்றும், மாத்திரையை நிறுத்திய பிறகும் ஒரு வருடம் வரை சொல்லுங்கள் என்றும் அது கேட்கும். சின்னம்மைக்கென்று தனியாக ஒரு குறிப்பே இருக்கிறது: இதுவரை அம்மை வராதவர்கள் சின்னம்மையோ அக்கியோ உள்ளவர்களிடம் நெருங்க வேண்டாம், நெருங்கிவிட்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நீல அட்டை நோயாளியிடம் பேசுவது. 2020 ஆகஸ்டில் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை அதோடு சிவப்பு நிற அவசர அட்டை ஒன்றையும் சேர்த்தது. அது ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் பேசுவது. இவர் உயிர் வாழ ஸ்டீராய்டைச் சார்ந்திருப்பவர்; ஒரு வேளையும் தவறக் கூடாது; மயங்கி வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியை உடனே போட்டு, சலைனை வேகமாக ஏற்றுங்கள் என்பது அதன் சாரம். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பாட்டியின் சுருக்குப்பையில் அப்படி ஒரு அட்டை இருந்திருந்தால், அந்த மருத்துவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஊசி போட்டு முடித்திருப்பார். அழுத்தம் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தேறத் தொடங்கும். மிகச் சாதாரணமான, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் ஊசி அது.

அம்மைக்கே தனி இடம் ஏன் என்ற கேள்வி வரும். ஸ்டீராய்டு, மூட்டை அரிக்கும் எதிர்ப்பாற்றலை அடக்குவதோடு கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் சேர்த்தே அடக்குகிறது. சாதாரணமாகத் தோலோடு போய்விடும் சின்னம்மை, இவர்களுக்கு நுரையீரலிலும் கல்லீரலிலும் இறங்கக் கூடும். சில சமயம் கொப்புளம் அதிகம் தெரியாமலேகூட உள்ளே பரவும். வெப்ப நாடுகளில் சிறுவயதில் அம்மை வராமல் தப்பி, பெரியவரான பிறகு மாட்டிக்கொள்பவர்கள் குளிர் நாடுகளைவிட அதிகம் என்பதால் இது நமக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். கிருமி ஒட்டிய பிறகு கொப்புளம் கிளம்ப 10 முதல் 21 நாள் ஆகும். பேரனுக்கு அம்மை கண்ட அன்றே பாட்டி தன் மருத்துவரிடம் சொல்லியிருந்தால், நோய் வருமுன் தடுக்க மருந்து கொடுக்க அந்த இடைவெளி போதுமானதாக இருந்திருக்கும். கொப்புளம் வந்த பிறகும் அசைக்ளோவிர் உண்டு. ஆனால் ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது. அளவைக் கூட்டவும் வேண்டியிருக்கலாம். வேப்பிலைக்கும் இதற்கும் எந்தப் பகையும் இல்லை. வேப்பிலை நிலைப்படியிலேயே இருக்கட்டும், மாத்திரை டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் மறைத்துவிடும். குடலில் ஓட்டை விழுந்தவருக்கும் வயிறு லேசாகத்தான் வலிக்கலாம். சீழ் வைத்த மூட்டு பெரிதாகச் சுடாமல் இருக்கலாம். அதனால் காய்ச்சல் அதிகம் இல்லை என்பதை இவர்கள் ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே உறங்கிக்கிடக்கும் காசநோயும் இந்த மருந்தில் விழித்துக்கொள்ளக் கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, காய்ச்சல் வந்துவிட்டது. வீட்டில் என்ன செய்வது? லேசான ஜலதோஷத்துக்கு அளவை மாற்ற வேண்டாம். படுக்கையில் தள்ளும் காய்ச்சலோ, ஆன்டிபயாடிக் தேவைப்படும் தொற்றோ வந்தால், பிரிட்டனின் மருத்துவர்கள் தரும் பொது வழிகாட்டல் இது: தினமும் 10 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுப்பவர்கள், காலை 5, மாலை 5 என்று பத்துக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். பத்து அல்லது அதற்கு மேல் எடுப்பவர்கள் பெரும்பாலும் கூட்ட வேண்டியதில்லை, அதே அளவை இரு வேளையாகப் பிரித்துக்கொண்டால் போதும். உடம்பு தேறியதும் பழைய அளவுக்குத் திரும்பலாம். அவரவருக்கு எந்த அளவு என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நடுராத்திரிக் காய்ச்சலில் யாரையும் கேட்க முடியாது.

வாந்திதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தியானால் இன்னொரு முறை போடலாம். அதுவும் தங்காவிட்டால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. கஷாயம், மோர் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஊசி போடும் இடத்துக்குப் போக வேண்டும். கடும் பேதிக்கும் இதே விதிதான்.

தங்களுக்கே தெரியாமல் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் லேபிள் இல்லாமல் பொட்டலமாக விற்கப்படும் சில பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. "ரெண்டே நாள்ல வலி போச்சு" என்ற பேச்சும், சில மாதத்தில் உப்பிப்போன முகமும், புதிதாக வந்த சுகரும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். அவர்களும் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியும் இப்படி அட்டை தருவதில்லை. தராவிட்டால் கெட்டியான தாளில் நாமே எழுதிக்கொள்ளலாம். தமிழில் வீட்டாருக்கு ஒரு பக்கம். மருத்துவருக்கு ஆங்கிலத்தில் மறுபக்கம். நோயின் பெயர், மருந்து, அளவு, தொடங்கிய தேதி, மருத்துவரின் தொலைபேசி எண், அவசரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் என்ற வரி. அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அளவு மாறும்போதெல்லாம் பழைய எண்ணை அடித்துவிட்டுத் தேதியோடு புதியதை எழுத வேண்டும். கடைசி எண் பூஜ்யம் ஆன நாளிலிருந்து இன்னும் ஒரு வருடம் அந்த அட்டை சுருக்குப்பையிலேயே இருக்க வேண்டும்.