பூச்சி மருந்து பாட்டிலை வீட்டில் வைக்காதீங்க! உயிர் காக்கும் 'இரட்டை சாவி' லாக்கர்: ஆரணி கிராமங்களில் செய்வது எப்படி?

ஆரணி:

பட்டு சேலைக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர் ஆரணி. டவுனை சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக்குள் தறி, ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் என்று இரண்டையும் வைத்து பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. நெல்லோ, மணிலாவோ, கத்தரியோ, பயிர் வைத்தால் பூச்சி மருந்து வாங்கித்தான் ஆகணும். அடித்தது போக மிச்சம் உள்ள பாட்டில் தறிக்குழி ஓரத்திலோ, இறவாணத்திலோ, மாட்டு கொட்டகையிலோ சொருகி கிடக்கும்.

அந்த மிச்ச பாட்டில்தான் ஆபத்து. வீட்டில் சண்டை, கடன்காரன் தொல்லை, பரீட்சையில் பெயில் என்று மனசு உடைந்த நேரத்தில் அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அதை எட்டாத தூரத்துக்கு கொண்டு போனால் உயிர்கள் பிழைக்கும் என்பது நம் தமிழ்நாட்டிலேயே செய்து பார்க்கப்பட்ட விஷயம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

அரை மணி நேரம்தான்

"சாகணும்னு முடிவு பண்ணவன் எப்படியும் செய்வான், பாட்டிலை பூட்டி என்ன பிரயோஜனம்?" என்று பலரும் கேட்பார்கள். உண்மை வேறு. இலங்கையில் விஷம் குடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிழைத்தவர்களிடம் டாக்டர்கள் பேசி 2006-ம் ஆண்டு ஆய்வு வெளியிட்டனர். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், அந்த முடிவை யோசித்தது அரை மணி நேரத்துக்கும் குறைவு என்றார்கள். 'அந்த நேரத்தில் கைக்கு கிடைத்தது அதுதான்' என்பதே பெரும்பாலானோர் சொன்ன காரணம்.

அதாவது அந்த வேகம் நிரந்தரம் இல்லை, தணிந்து போகிற வேகம். அது தணியும் வரை பாட்டில் கைக்கு கிடைக்காமல் இருந்தால் போதும். இடையில் யாராவது வந்து விடுவார்கள், அழுகை அடங்கும், பேச்சு கொடுக்க ஆள் கிடைக்கும். பூட்டு வாங்கி கொடுப்பது அந்த நேரத்தைத்தான்.

வீட்டுக்குள் பெட்டி வைத்தால் போதாதா?

போதாது என்பதை இலங்கை காட்டியது. அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதி கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டு போட்ட பெட்டி கொடுத்தார்கள். மீதி கிராமங்களில் கொடுக்கவில்லை. 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை 3 வருஷம் கண்காணித்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

காரணத்தை யோசித்தால் புரியும். பெட்டி வீட்டுக்குள் இருந்தால் சாவியும் வீட்டுக்குள்தான். யார் மருந்து அடிக்கிறாரோ அவர் கையில் சாவி. மனசு உடைந்து போனவரே அவராக இருந்தால் அந்த பூட்டு யாரை தடுக்கும்?

இன்னொரு கோளாறும் உண்டு. இதற்கு முன் இலங்கையில் சிறிய அளவில் பெட்டி கொடுத்து பார்த்தபோது, அதுவரை வயலில் மருந்து வைத்திருந்தவர்கள் பெட்டி வந்ததும் அதை வீட்டுக்கு கொண்டு வந்து விட்டார்கள். தூரத்தில் இருந்த ஆபத்து நடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

காட்டுமன்னார்கோவிலில் நடந்தது

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் வேறு வழியை முயன்றார்கள். சென்னை 'சினேகா' தற்கொலை தடுப்பு மையத்தை 1986-ல் தொடங்கிய மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமார் தலைமையிலான குழு இதை செய்தது. 4 கிராமங்களை எடுத்து, 2 கிராமங்களில் ஊர் மக்களின் ஒத்துழைப்போடு பொது மருந்து கிடங்கு கட்டினார்கள். மற்ற 2 கிராமங்கள் ஒப்பிட்டு பார்க்க.

கிடங்குக்குள் பேங்க் லாக்கர் மாதிரி விவசாயிகளுக்கு தனித்தனி பெட்டிகள். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று விவசாயியிடம், இன்னொன்று கிடங்கை பார்த்துக் கொள்பவரிடம். மருந்து வேண்டுமானால் விவசாயி நேரில் வந்து, கிடங்குக்காரர் முன்னிலையில் எடுக்கணும். அடித்து முடித்து மிச்சத்தை திரும்ப வைக்கணும்.

ஒன்றரை வருஷம் கழித்து கணக்கு எடுத்தார்கள். ஒப்பிட்ட கிராமங்களோடு பார்த்தால், கிடங்கு வைத்த கிராமங்களில் பூச்சி மருந்தால் நடந்த சாவும் சாக முயன்றதும் சேர்த்து தெளிவாக குறைந்திருந்தது. எல்லா வழி தற்கொலைகளையும் சேர்த்து பார்த்தாலும் குறைவுதான். இது வழி அடைபட்டவர்கள் எல்லாம் வேறு வழிக்கு போய்விடவில்லை என்பதை காட்டுகிறது. 2013-ல் இந்த ஆய்வு வெளியானது.

ஆனால் இது 4 கிராமத்து ஆய்வுதான். நடைமுறையில் முடியுமா என்று பார்க்க செய்தது. இதை மட்டும் வைத்து எல்லா ஊரிலும் இப்படியே குறையும் என்று அடித்து சொல்ல முடியாது.

ஆரணியில் செய்தால்...

ஒரு கிராமத்தை கணக்குக்கு எடுத்துக் கொள்வோம். 300 வீடு, அதில் 120 வீட்டுக்கு நிலம் இருக்கிறது. 120 பெட்டி போதும், தறி மட்டும் உள்ள வீட்டுக்கு பெட்டி தேவை இல்லை. பஞ்சாயத்து கட்டிடத்தில் ஒரு அறையோ, தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தில் ஒரு அறையோ இருந்தால் போதும். காற்றோட்டம் வேணும். பள்ளிக்கூடம், பால்வாடி, ரேஷன் கடை, குடிநீர் கிணறு பக்கத்தில் கூடாது. விதை, தீவனம் அதே அறையில் வைக்க கூடாது.

திட்டம் கெட்டு போவது பெரும்பாலும் நேரத்தில்தான். மருந்து அடிப்பது விடியற்காலையிலும் சாயங்காலமும். கிடங்கு ஆபீஸ் நேரப்படி 10 மணிக்கு திறந்தால் விவசாயி என்ன செய்வார்? முதல் நாளே எடுத்து வந்து ராத்திரி வீட்டில் வைத்து விடுவார். அதோடு திட்டம் முடிந்தது. காலை 5 மணியில் இருந்து 8 மணி வரை, மாலை 4 மணியில் இருந்து 7 மணி வரை ஆள் இருக்கணும். அந்த ஆளுக்கு சம்பளம் யார் தருவது என்பதை கட்டிடம் கட்டும் முன்பே முடிவு செய்யணும்.

கிடங்குக்காரர் போலீஸ் இல்லை. ஆனால் குடித்து விட்டு வருபவருக்கும், அழுது கொண்டு வருபவருக்கும், தெளிப்பு நேரம் இல்லாத நேரத்தில் அவசரமாக கேட்பவருக்கும் உடனே எடுத்து தரக்கூடாது. "உட்காருங்க அண்ணே, டீ சாப்பிட்டு போகலாம்" என்று பேச்சு கொடுத்து, வீட்டு ஆளுக்கு தகவல் சொல்லணும். இதற்கு அவருக்கு பயிற்சி கொடுப்பது கட்டாயம்.

மிச்சமே இல்லாமல் செய்ய முடியுமா?

ஓரளவு முடியும். அரை ஏக்கருக்கு 10 லிட்டர் டேங்க்கில் 10 டேங்க், அதாவது 100 லிட்டர் தண்ணீர் என்று வைப்போம். லேபிளில் லிட்டருக்கு 2 மில்லி என்று இருந்தால் தேவை 200 மில்லி. ஆனால் கடையில் வாங்கி வருவதோ அரை லிட்டர் பாட்டில். 300 மில்லி வீட்டில் தங்கி விடுகிறது. ஒரு தெளிப்புக்கு எவ்வளவு வேணுமோ அந்த அளவு சீல் வைத்த சின்ன பாட்டிலாக வாங்கினால், பூட்டி வைக்க வேண்டியதே குறையும். பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்து ஒரே நாளில் அடித்தாலும் மிச்சம் குறையும்.

மருந்தை தண்ணீர் பாட்டிலுக்கோ, குவார்ட்டர் பாட்டிலுக்கோ மாற்றி ஊற்றுவது படு ஆபத்து. பிள்ளைகள் தெரியாமல் குடிக்கும். லேபிள் இல்லாமல் போனால் டாக்டருக்கும் எந்த மருந்து என்று தெரியாது.

தடை செய்தால் விளைச்சல் குறையுமா?

பூட்டை விட பலமான வழி, ஆபத்தான மருந்தையே கடையில் இருந்து எடுப்பது. அதிலும் இலங்கைதான் உதாரணம். 1995-ல் அங்கு தற்கொலை உச்சத்தில் இருந்தது. லட்சம் பேருக்கு 47 பேர். அந்த ஆண்டு தொடங்கி 2011 வரை கடும் விஷமுள்ள மருந்துகளை படிப்படியாக தடை செய்தார்கள். அதன் பிறகு 20 ஆண்டுகளில் தற்கொலை சுமார் 70 சதவீதம் குறைந்தது. தடைக்கு பிறகு நெல் விளைச்சல் குறையவில்லை என்றும் ஆய்வு சொல்கிறது.

தமிழக அரசும் 2022-23-ல் 6 வகை பூச்சி மருந்துகளுக்கு தற்காலிக தடை போட்டது. 60 நாள்தான். 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி சட்டப்படி மாநில அரசு குறுகிய காலத்துக்கு மட்டுமே தடுக்க முடியும், நிரந்தர தடை மத்திய அரசின் கையில். கிராமத்து கிடங்கு செய்வது, தடை வராத மருந்துகளுக்கும் ஒரு தடுப்பு போடுவது.

பலன் கிடைத்ததா என்று பார்ப்பது எப்படி?

ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஒரு வருஷம் ஒருவரும் சாகவில்லை என்றால் அது திட்டத்தின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. சின்ன ஊரில் எண்ணிக்கை தானாகவே மேலும் கீழும் ஆடும். பல கிராமங்களை சேர்த்து, 3 வருஷமாவது, அரசு ஆஸ்பத்திரி பதிவையும் 108 ஆம்புலன்ஸ் பதிவையும் பார்க்கணும். இறந்தவர்களோடு பிழைத்தவர்களையும் எண்ணணும். மற்ற வழிகளில் நடந்ததையும் எண்ணினால்தான் உண்மை தெரியும்.

கிடங்கு ஒழுங்காக நடக்கிறதா என்பதை அதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். தெளிப்பு காலத்தில் பதிவேட்டில் எடுத்ததும் திரும்ப வைத்ததும் ஒத்து போகணும். எடுத்தது 80, திரும்பியது 30 என்று இருந்தால், மீதியில் எத்தனை பாட்டில் காலியானது என்று விசாரிக்கணும். காலியாகாதது எல்லாம் மறுபடி இறவாணத்துக்கு போய்விட்டது என்று அர்த்தம்.

அவசரத்துக்கு

யாராவது பூச்சி மருந்து குடித்து விட்டால் உடனே 108-க்கு போன் செய்யணும். வாந்தி எடுக்க வைக்க கூடாது, நாட்டு வைத்தியம் கூடாது. பாட்டிலை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்து போகணும்.

தற்கொலை எண்ணம் வருபவர்களும், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதாக பயப்படுபவர்களும் 14416 (டெலி மானஸ்), 104 (தமிழக அரசு), 044-24640050 (சினேகா) ஆகிய எண்களில் பேசலாம். அப்படிப்பட்டவர் இருக்கிற வீட்டில், கிடங்கு வரும் வரை காத்திருக்காமல், மருந்து பாட்டிலை இன்றைக்கே நம்பிக்கையான உறவினர் பொறுப்பில் வேறு இடத்தில் பூட்டி வைக்க சொல்லி கொடுத்து விடுவது நல்லது.