நடை சொல்லாமல் வந்த நூற்பட்டியல்

"துணைநூற்பட்டியலைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தாருங்கள் ஐயா, நாளைக்கு நெறியாளரிடம் கொடுக்க வேண்டும்." மெய்ப்புப் பார்க்கும் எனக்கு இப்படி அடிக்கடி மின்னஞ்சல் வரும். எந்த நடையில் வேண்டும் என்று அதில் இருக்காது. பட்டியலைத் திறந்தால் பல இடங்களிலிருந்து எடுத்து ஒட்டிய வரிகள் இருக்கும். சங்க இலக்கிய ஆய்வுகளில் தவறாமல் வரும் மூன்று ஆங்கில நூல்களை எடுத்துக்கொள்வோம். பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

கைலாசபதி, க. (1968). தமிழ் ஹீரோயிக் பொயட்ரி. கிளாரண்டன் பிரஸ்.

ஹார்ட், ஜார்ஜ் எல். த பொயம்ஸ் ஆஃப் ஏன்ஷியன்ட் தமிழ். யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா பிரஸ், 1975.

ஸ்வெலபில், கமில். த ஸ்மைல் ஆஃப் முருகன். லைடன்: பிரில், 1973.

மூன்றும் தனித்தனியே சரியானவை. முதலாவது ஏபிஏ, அடுத்தது எம்எல்ஏ, கடைசியில் இருப்பது சிகாகோ. இவற்றைப் பிரித்தறிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். ஆண்டு ஆசிரியர் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் வந்தால் ஏபிஏ. ஆண்டு கடைசியில் இருந்து, ஊர்ப்பெயர் இல்லாவிட்டால் பெரும்பாலும் எம்எல்ஏ. ஊரும் முக்காற்புள்ளியும் பதிப்பகத்துக்கு முன்னால் நின்றால் சிகாகோவின் பழைய வழக்கம். 2024இல் வந்த அதன் 18ஆம் பதிப்பு நூல்களுக்கு ஊர்ப்பெயர் தேவையில்லை என்று விட்டுவிட்டது.

எதற்கு மாற்றுவது? அனுப்பியவரைக் கேட்டுவிடுவதே முதல் வேலை. பதில் வராவிட்டால் பலரும் பட்டியலில் எந்த நடை அதிகம் என்று எண்ணி, மற்றவற்றை அதற்கு மாற்றிவிடுகிறார்கள். அது தவறு. கட்டுரையின் உடலைத்தான் பார்க்க வேண்டும். அங்கே (ஹார்ட் 1975: 34) என்று இருந்தால், படிப்பவர் 'ஹார்ட் 1975' என்பதைத் தேடித்தான் பட்டியலுக்கு வருவார், ஆண்டு பெயரை ஒட்டி நிற்க வேண்டும். அடிக்குறிப்பு எண்கள் இருந்தால் ஆண்டு கடைசியில் நிற்கலாம். பட்டியலில் முப்பது வரி எம்எல்ஏவில் இருந்தாலும், உடலில் ஆசிரியரும் ஆண்டும் இருந்தால் அதுவே முடிவு.

நம் எடுத்துக்காட்டில் உடல் ஆசிரியர்-ஆண்டு முறையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏபிஏ, சிகாகோவின் ஆசிரியர்-ஆண்டு வடிவம் என்று இரண்டு வழிகள் உண்டு. நான் ஏபிஏவைத் தேர்வேன். காரணம், 'க.' என்ற ஒற்றை எழுத்து. ஏபிஏ தலைப்பெழுத்தை மட்டுமே கேட்கிறது. சிகாகோவும் எம்எல்ஏவும் நூலில் உள்ளபடி முழுப்பெயரை எதிர்பார்க்கின்றன. 'ஜார்ஜ் எல்.' என்பதை 'ஜி. எல்.' என்று சுருக்கலாம், 'க.' என்பதை நூலைப் பார்க்காமல் விரிக்க முடியாது. போதாததற்கு, நம் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரின் எழுத்து. மேல்நாட்டு வழக்கப்படி அதை விரித்தால் தந்தை பெயர் ஆசிரியரின் சொந்தப் பெயராகிவிடும். இருக்கும் தகவலைச் சுருக்குகிற திசையில் போனால் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஊர்ப்பெயரும் அப்படியே: 2019இல் வெளியான ஏழாம் பதிப்பிலிருந்து ஏபிஏ அதைக் கேட்பதில்லை. 'லைடன்' என்பதை நீக்கினால் போதும், மற்ற இரண்டுக்கும் ஊர் தேடி அலைய வேண்டாம்.

பெயர்கள் ஒரே வடிவுக்கு வந்ததும் அகரவரிசைப்படுத்துங்கள். மறைந்திருந்த இரட்டைப் பதிவுகள் அப்போதுதான் வெளிப்படும். 'என் சரித்திரம்' ஓரிடத்தில் 'ஐயர், உ. வே. சாமிநாத' என்று ஐகாரத்திலும், இன்னோரிடத்தில் 'சாமிநாதையர், உ. வே.' என்று சகரத்திலும் இருக்கும். 'ஐயர்' குடும்பப்பெயர் அல்ல. சாமிநாதையர் என்பதே சரி. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கும் முன் ஆண்டைப் பாருங்கள். 1950இல் முதலில் நூலான அதற்குப் பின்னாளில் பல பதிப்புகள் வந்திருக்கின்றன. ஆய்வாளர் எந்தப் பதிப்பின் பக்க எண்ணைக் கட்டுரையில் தந்திருக்கிறாரோ அந்த ஆண்டுதான் இருக்க வேண்டும். இரண்டு பதிப்பையும் பயன்படுத்தியிருந்தால் இரண்டும் இருக்கட்டும். 'முதற்பதிப்பு ஆயிற்றே' என்று 2000க்குப் பிந்தைய ஆண்டை 1950 ஆக்கினால் பக்க எண்கள் அத்தனையும் பொய்யாகிவிடும்.

ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டு நூல்கள் இரண்டு இருந்தால் 1975அ, 1975ஆ என்று பிரிக்கிறோம். அதைப் பட்டியலில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தக்கூடாது. உடலிலும் ஒவ்வொரு இடமாகத் திருத்த வேண்டும். எது 'அ', எது 'ஆ' என்று ஆய்வாளருக்குத்தான் தெரியும்.

விடுபட்ட பக்க எண், இதழ் எண், பதிப்பாண்டு எதையும் ஊகித்து நிரப்பாதீர்கள். மஞ்சள் வண்ணமிட்டு, 'நூலைப் பார்த்து நிரப்பவும்' என்று எழுதுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து வேலை செய்யுங்கள். திருப்பி அனுப்பும்போது மேலே இரண்டு வரி போதும்: "கட்டுரையில் ஆசிரியர்-ஆண்டு முறை இருப்பதால் ஏபிஏ ஏழாம் பதிப்புக்கு மாற்றியிருக்கிறேன். மஞ்சளில் உள்ளவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்."

பட்டியலை அனுப்பும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கங்களை மட்டும் அனுப்பாமல் கட்டுரை முழுவதையும் அனுப்புங்கள்.