தாய்மைக் காலமும் முழுத் தாவர உணவும்: இரும்பு, ஃபோலேட், புரதம்

கிள்ளானில் வாழும் ஓர் இளம் ஆசிரியையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருடைய எடை 55 கிலோ. பிறப்பிலேயே சைவ உணவினர். சில ஆண்டுகளாகப் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விட்டுவிட்டார். இப்போது கருவுற்றுப் பத்து வாரமாகிறது. காலையில் மூன்று தோசை, தேங்காய்ச் சட்டினி, சிறிது சாம்பார், ஒரு குவளை தே ஓ. பகலில் சோறு, சாம்பார், முட்டைக்கோசுப் பொரியல், கீரை. மாலையில் வாழைப்பழப் பலகாரமும் மீண்டும் தே ஓவும். இரவில் இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குருமா. வயிறு நிறைகிறது, வீட்டாரும் குறை காண்பதில்லை. இந்த உணவு அவருக்கும் கருவுக்கும் போதுமா என்பதே நம் கேள்வி.

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. புரதத்தை உணவிலிருந்தே முழுமையாகப் பெறலாம். ஃபோலேட்டும் உணவில் கிடைக்கும். ஆனால் அது தேவைப்படும் காலம் நம்மை முந்திக்கொள்கிறது. இரும்பையோ உணவால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. இம்மூன்றையும் ஒன்றாகக் கட்டி, ‘சத்தாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்வதால்தான் பல குழப்பங்கள் நேர்கின்றன.

எளிதான புரதத்தை முதலில் காண்போம். கருவுற்ற பெண்ணுக்கு, குறிப்பாகப் பிற்பாதியில், ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.1 கிராம் புரதம் தேவை என்பது பரவலாக ஏற்கப்படும் அளவு. நம் ஆசிரியைக்கு அது 60 கிராம். மேலே சொன்ன உணவைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 35 கிராமே தேறுகிறது. சாம்பார்தான் நம்மை ஏமாற்றுகிறது. கிண்ணம் நிறைய ஊற்றினாலும் அதில் உள்ள பருப்பு இரண்டு மூன்று தேக்கரண்டிதான், எஞ்சியது புளிநீர். ‘நாள்தோறும் பருப்பு உண்கிறேன்’ என்று கூறும் பலர் உண்மையில் உண்பது பருப்பின் சாயலையே.

இதைச் சரிசெய்யப் புதிய உணவு எதையும் தேட வேண்டியதில்லை. காலைத் தோசையைப் பச்சைப்பயறு அரைத்த மாவில் வார்த்தால், 60 கிராம் பயற்றிலிருந்து 14 கிராம் புரதம் கிடைக்கும். பகலில் ஒரு கிண்ணம் கெட்டியான துவரம்பருப்பு 11 கிராம் தரும். 75 கிராம் டெம்பே 14 கிராம் தரும். மாலையில் ஒரு குவளை சோயாப் பாலில் 7 கிராம். இரவுக் குருமாவில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலையைச் சேர்த்தால் இன்னொரு 7 கிராம். இவற்றோடு சோறும் சப்பாத்தியும் தரும் பத்துக் கிராமையும் சேர்த்தால் 60ஐத் தாண்டிவிடுகிறோம். டெம்பே இந்த மண்ணின் கொடை. தமிழ்ச் சமையலறை அதை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பது எங்கள் வருத்தம். புளிக்குழம்பில் இட்டுப் பார்த்தவர்கள் பின்னர் விடமாட்டார்கள்.

அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டையும் ஒரே கவளத்தில் உண்ணவேண்டும் என்று முன்பு கருதினர். அது தேவையில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும்.

இனி, ஃபோலேட். இதன் வரலாற்றில் கருவுற்ற பெண்களின் உணவே முதல் தடயமாக அமைந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களிடையே காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைட் என்னும் நொதிச்சாறு அதைக் குணப்படுத்தியதை 1931இல் வெளியிட்டார். நம் கடைகளில் இன்றும் விற்கும் அதே மார்மைட்தான். அதில் இருந்த பொருள் எது என்று அப்போது தெரியவில்லை. 1941இல் பசலை இலைகளிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டபோது, ‘இலை’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினர்.

கீரையும் பயறும் உண்பவருக்கு ஃபோலேட் ஏராளமாகவே கிடைக்கும். ஆயினும் அது நீரில் கரைவது. கீரையை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் ஏறத்தாழப் பாதி போய்விடும். குறைந்த நீரில் வதக்குவதோ, வெந்த நீரையும் கூட்டில் சேர்ப்பதோ நன்று. ஆனால் உண்மையான இடர் சமையலில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், ஐயம் தோன்றிக் கிளினிக்கிற்குச் செல்வதற்குள் அந்த நாள்கள் பெரும்பாலும் கடந்துவிடும். முன்பு இக்குறையுள்ள குழந்தையைக் கருவுற்ற பெண்கள் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே உட்கொண்டபோது, அக்குறை மீண்டும் வருவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்ததை 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. ஆதலால் கருத்தரிக்க எண்ணும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கீரை உண்பவருக்கும் இது பொருந்தும். முன்பு இக்குறை நேர்ந்தவர்க்கும் வேறு சில நோயுள்ளவர்க்கும் இதனினும் பெரிய அளவை மருத்துவர் குறிப்பார்.

இரும்பு இவற்றினும் கடினமானது. ஒரு முழுக் கருவுற்ற காலத்துக்கும் சேர்த்து ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்வது அதில் ஒரு பகுதியே. பெருகும் தாயின் இரத்தத்துக்கே மிகுதி வேண்டும். அமெரிக்க அளவுகோல், நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் உணவில் இருக்கவேண்டும் என்கிறது. அது இறைச்சியும் உண்பவரை மனத்தில் கொண்டு வகுத்தது. தாவர இரும்பைக் குடல் குறைவாகவே ஈர்ப்பதால், தாவர உணவினருக்கு அதனை 1.8ஆல் பெருக்கவேண்டும் என்றும் அதே அளவுகோல் சொல்கிறது. அப்போது தொகை 48ஐத் தாண்டுகிறது. நாம் திருத்தி அமைத்த உணவில், பச்சைப்பயறு, பருப்பு, டெம்பே, கீரை, கொண்டைக்கடலை, சப்பாத்தி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 15 மில்லிகிராமே தேறுகிறது. இதை மும்மடங்காக்க வயிறு இடங்கொடாது. எனவே மாத்திரை தேவைப்படுவது தாவர உணவின் தோல்வி ஆகாது. இறைச்சி உண்ணும் கருவுற்ற பெண்களுக்கும் நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

உணவில் நாம் செய்யக்கூடியது, இருக்கும் இரும்பை வீணாக்காமல் இருப்பது. நம் ஆசிரியையின் நாளில் பெரிய திருடன் தே ஓ. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு பிணைந்து, அதைக் குடல் ஈர்க்க முடியாத வடிவாக்கிவிடுகின்றன. உணவோடு தேநீர் அருந்தினால், ஈர்க்கப்படும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். கோப்பியும் இதையே, சற்றுக் குறைவாகச் செய்கிறது. கோப்பியை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன் அருந்தியபோது இரும்பு குறையவில்லை. ஒரு மணி நேரம் பின் அருந்தியபோதோ, உணவோடு அருந்தியதைப் போலவே குறைந்தது. ‘பசியாறிவிட்டுச் சற்றுப் பொறுத்துக் குடிக்கிறேன்’ என்பது ஆகவே போதுமான காப்பன்று. முன்னதாகவே குடித்துவிடலாம், அல்லது இரண்டு மணி நேரமாவது பொறுக்கலாம்.

வைட்டமின் சி இதற்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. பயற்றுத்தோசையோடு அரைக் கொய்யாவோ, பருப்பின்மீது பிழிந்த எலுமிச்சையோ, பகலில் ஒரு துண்டு பப்பாளியோ இருந்தால், அதே இரும்பில் கூடுதல் பங்கு உடலுக்குள் செல்லும். அது அதே வேளை உணவில் இருக்கவேண்டும். காலையில் உண்ட கொய்யா இரவுக் கடலைக்கு உதவாது. பயறுகளை ஊறவைத்து முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவிடுவதும், இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. கீரையைப் பற்றி நிலவும் பெருமை மட்டும் சற்று மிகையானது: அதில் இரும்பு உண்டு, எனினும் உடன் இருக்கும் பொருள்கள் அதை எளிதில் விடுவதில்லை.

மாத்திரைக்கும் இதே விதிகள் பொருந்தும். கிளினிக்கில் வழங்கப்படும் 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரையில் உள்ள இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம்தான். எஞ்சியது அதனோடு சேர்ந்த உப்பின் எடை. அதைத் தேநீரோடும், பால் விட்டவர் பெரும்பாலும் உட்கொள்ளும் கால்சிய மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக்கூடாது. மலம் கறுப்பது இயல்பு. மலச்சிக்கலும் குமட்டலும் வந்தால், பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். வேளையையோ வகையையோ அளவையோ மருத்துவர் மாற்றித் தரமுடியும் என்பதால், சொல்லிவிடுவதே நல்லது.

நம் ஆசிரியைக்குப் பத்தாம் வாரத்தில் ஹீமோகுளோபின் 11.9 இருந்தது, 28ஆம் வாரத்தில் 9.8ஆக இறங்கியது என்று கொள்வோம். கருவுற்ற காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் சிறிது இறக்கம் யாவருக்கும் உண்டு. அதனால்தான் நடு மூன்று மாதங்களில் 10.5 வரையிலும், மற்ற மாதங்களில் 11 வரையிலும் இரத்தசோகை என்பதில்லை. 9.8 அந்த எல்லைக்குக் கீழே. மருத்துவர் இரும்பின் அளவைக் கூட்டுவார்; பலித்தால் மூன்று நான்கு வாரங்களில் 1 கிராமேனும் உயரவேண்டும்.

உயராவிட்டால் மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்பட்டதா, தேநீர் எப்போது என்பவற்றை முதலில் வினவவேண்டும். அதன்பின் இரண்டு ஐயங்கள் எழவேண்டும். ஒன்று, பி12. இது தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. முழுத் தாவர உணவினர் மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பெற்றே ஆகவேண்டும். ஃபோலிக் அமிலம் மிகுதியாக உள்ளபோது, பி12 குறைவால் வரும் இரத்தசோகை மறைந்து, நரம்புக்கு நேரும் கேடு மட்டும் ஓசையின்றித் தொடரக்கூடும். கால் மரத்துப்போவதும் விரல் கூச்சமும் கருவுற்ற களைப்பு என்று தள்ளிவிடத்தக்கவை அல்ல. பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும், இரும்பு குறைந்தால் சிறிதாகும். இரண்டும் ஒருங்கே குறைந்தால் சராசரி இயல்பாகத் தோன்றி ஆய்வறிக்கையே நம்மை ஏமாற்றும்.

மற்றொன்று தலசீமியாக் கூறு. இந்நாட்டில் அது அரிதன்று. அதிலும் சிவப்பணு சிறிதாகவே இருக்கும். ஆனால் உடலில் இரும்பு நிறைவாக இருக்கலாம். சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும். அதைப் பார்க்காமல், அக்கம்பக்கத்தார் சொல்கேட்டு இரும்பை மாதக்கணக்கில் இரட்டிப்பாக்கிக்கொள்வது தவறு. கணவருக்கும் தலசீமியாக் கூறு உள்ளதா என்று பார்க்கவேண்டிய நேரமும் அதுவே.