அச்சை அழித்தால் கையெழுத்து தெரியும்

வங்கியில் பணம் கட்டும் செலானை ஒருவர் செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறார். பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் பேனாவால் எழுதியாயிற்று. பான் எண்ணுக்கான இடம் மட்டும் காலி. எழுத்துகளைப் படிக்கும் மென்பொருளுக்கு அந்தப் படத்தை அப்படியே கொடுத்தால், 'பான் எண்' என்பதை அடுத்து அது காண்பது கீழே அச்சாகியிருக்கும் 'கைபேசி எண்' என்ற சொற்களைத்தான். அதையே பான் எண்ணாகப் பதிந்துவிடக்கூடும். அரைகுறையாக நிரப்பிய படிவத்தின் வம்பே இதுதான்.

அதனால் படிப்பதற்கு முன்பே அச்சை அழித்துவிடுவது நல்லது. அதற்கு அதே செலானின் வெற்றுப் படிவம் ஒன்று வேண்டும். செல்போன் படம் கோணலாக இருக்கும் என்பதால், கட்டங்களின் மூலைகள், அச்செழுத்துகளின் முனைகள் என இரண்டு படத்திலும் பொதுவான புள்ளிகளைக் கண்டுபிடித்து, ஒன்றை மற்றதன் மேல் பொருத்த வேண்டும். கணக்குக்கு நான்கு புள்ளிகள் போதும். நடைமுறையில் நிறைய எடுத்து, ஒத்துவராதவற்றைத் தள்ளிவிடுவார்கள். தாள் மடங்கியோ சுருங்கியோ இருந்தால் இது முழுசாகப் பொருந்தாது. பகுதி பகுதியாகத்தான் பொருத்த முடியும்.

வெற்றுப் படிவம் கிடைக்கவில்லையா? நிரப்பிய செலான்கள் பலவற்றை இப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் நடுமதிப்பை எடுத்தால் போதும். ஆளுக்கு ஆள் மாறும் பேனா எழுத்து மறைந்து, எல்லாவற்றிலும் மாறாத அச்சு மட்டும் நிற்கும்.

பிறகு, வெற்றுப் படிவத்தில் மை உள்ள இடங்களையெல்லாம் படத்தில் வெள்ளையாக்குகிறோம். சிக்கல் இங்கேதான். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 12 புள்ளிகள். பொருத்தம் அரை மில்லிமீட்டர் பிசகினாலே அச்செழுத்துகளின் ஓரங்கள் மெல்லிய கோடுகளாக மிஞ்சிவிடும். அதைத் தவிர்க்க, அழிக்கும் பகுதியைச் சில புள்ளிகள் தடிமனாக்குவார்கள். அப்போது கையெழுத்தும் சேர்ந்து அடிபடும்.

தொகைக் கட்டத்தில் 2,500 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 2-இன் அடிக்கோடு கட்டத்தின் கீழ்க்கோட்டின் மேலேயே படிந்திருந்தால், அழித்தபின் மிஞ்சுவது 7 போலத் தெரியும். 2,500 ரூபாய் 7,500 ஆகிவிடும்!

இங்கே நிறம் கைகொடுக்கும். கறுப்பு அச்சில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய சமமாகக் குறைந்திருக்கும். நீலப் பேனாவின் மையில் நீலம் மட்டும் தூக்கலாக இருக்கும். அந்த நீலம் தெரியும் புள்ளிகள் தடிமனாக்கிய அழிப்புப் பகுதிக்குள் விழுந்திருந்தாலும் அழிக்காமல் விட்டுவிடலாம். கறுப்புப் பேனாவால் எழுதியிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது எண்ணால் எழுதிய தொகையை, எழுத்தால் எழுதிய தொகையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத செலானை மனிதர் ஒருவர் பார்த்தே தீர வேண்டும்.

பான் எண் இடத்தில் இப்போது என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பேனாக் கோட்டின் தடிமனுள்ள கீற்று எதுவும் இல்லையென்றால் அந்த இடம் காலி. 'காலி' என்றே பதிவாகும். பக்கத்து அச்சைப் பிடித்து அதில் நிரப்ப வாய்ப்பே இல்லை.