உப்புக்கு வரப்பில்லை

புரோத்ராபூருக்கு அண்மையிலுள்ள சிப்பிகாட்டில் முன்னர் நெல் விளைந்தது. 2004 டிசம்பர் 26-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடல்நீர் வயல்களில் நிலையாகத் தங்கிவிட்டது.

இத்தகைய நிலத்தை இறாலும் மீனும் வளர்க்கும் குளமாக்குதல் பொருத்தமே. ஆயினும் அடுத்த வயலை நாம் மறத்தலாகாது. இறால் குளத்து நீரில் லிட்டருக்கு 15 முதல் 25 கிராம் வரை உப்பு இருத்தல் வழக்கம். நெல்லோ வேர்நீரில் 2 கிராம் இருந்தாலே நலியத் தொடங்கும். குளத்து நீர்மட்டம் வயலினும் உயர்ந்திருப்பின், உப்புநீர் கரையின் அடியே கசியும். கோடையில் வயலோரம் வெண்மை பூப்பதும், பயிரின் இலைநுனி கருகுவதும் அதன் அடையாளங்கள். கரையின் நடுவே களிமண்ணை இறுகத் திமிசிட்டு, குளத்துக்கும் வயலுக்கும் இடையே வடிகால் வெட்டி, கசிவைக் கடற்கழியில் விடுதல் வேண்டும்.

அலையாத்திக் காட்டை அழித்துக் குளம் தோண்டுவது முற்றிலும் வேறானது. அங்குள்ள கரிய சேற்றில் இரும்பும் கந்தகமும் கூடிய கனிமம் உண்டு. தோண்டிய சேற்றில் காற்றுப் பட்டால், அது நாளடைவில் கந்தக அமிலத்தை விளைவிக்கும். மழை அவ்வமிலத்தைக் குளத்தில் சேர்க்க, இறால் மடியும். அலையைத் தடுக்கக் காடும் இராது. ஆகவே, கடல் முன்னரே கொண்ட வயலில் குளம் அமைப்போம். காட்டைக் காடாகவே விடுவோம்.