பழைய டிவிக்கு 1080i-யா, 720p-யா?

செட்டாப் பாக்ஸின் மெனுவில் Video Format, Resolution, HDMI Output என்று ஏதாவது ஒரு பெயரில் 576i, 576p, 720p, 1080i, 1080p என்ற பட்டியல் இருக்கும். படத்தில் மேலிருந்து கீழாக எத்தனை கிடைக்கோடுகள் என்பதை எண் சொல்கிறது. அந்தக் கோடுகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைக் கடைசி எழுத்து சொல்கிறது. p என்றால் புரோகிரெசிவ்: ஒரு படத்தின் எல்லாக் கோடுகளும் ஒன்றாக வரும். i என்றால் இன்டர்லேஸ்டு: முதலில் 1, 3, 5 என்ற ஒற்றைப்படைக் கோடுகள் மட்டும் வரும், அடுத்த ஐம்பதில் ஒரு வினாடியில் 2, 4, 6 என்ற இரட்டைப்படைக் கோடுகள் வரும். இப்படி வரும் ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். இந்தியாவில் வினாடிக்கு 50 ஃபீல்டுகள்.

படக்குழாய் டிவிக்காகவே உருவான ஏற்பாடு இது. குழாயில் ஓடும் மின்கற்றை கோடு விட்டுக் கோடு வரைந்துகொண்டு போகும், இடைவெளிகளை அடுத்த சுற்றில் நிரப்பும். முழுப் படத்தையும் வினாடிக்கு 50 முறை அனுப்பும் அளவுக்கு அலைவரிசையில் இடமில்லாத காலத்தில், பாதிப் பாதியாக அனுப்பிப் படம் மினுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏவி கேபிளில் ஓடும் குண்டு டிவிக்கு ரெசல்யூஷனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்தக் கேபிளில் 576i-க்கு மேல் எதுவும் போகாது. மெனுவில் 1080i என்று வைத்தாலும் பெரும்பாலான பாக்ஸ்கள் ஏவி முனையில் 576i-யைத்தான் தரும். அங்கே சரிபார்க்க வேண்டியவை இரண்டே. டிவி வகை 4:3 என்று இருக்க வேண்டும். 16:9 என்று இருந்தால் ஆட்கள் எல்லோரும் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள். வண்ண முறை PAL ஆக இருக்க வேண்டும். NTSC-க்கு மாறியிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகலாம், அல்லது மேலும் கீழும் உருளலாம்.

சிக்கல் தொடங்குவது முதல் தலைமுறை எல்சிடி டிவிகளில். எச்டிஎம்ஐ துளை உண்டு. திரையில் இருப்பது 1366-க்கு 768 புள்ளிகள். பெட்டியில் HD Ready என்ற முத்திரை இருந்திருக்கும். 2005-இல் ஐரோப்பியத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த விதிப்படி, அந்த முத்திரைக்கு 720p, 1080i இரண்டையும் ஏற்றுக்கொண்டால் போதும், 1080p கட்டாயமில்லை. 1080i-யில் அதே 1080 கோடுகள் இருந்தும் அது மட்டும் ஏன் ஓடுகிறது? பாதிப் பாதியாக வருவதால் கேபிளில் ஓடும் தகவலின் வேகமும் பாதிதான். அது 720p-யின் வேகத்துக்குச் சமம். 1080p-க்கு அதன் இரட்டிப்பு வேகம் வேண்டும். அதனால்தான் இத்தகைய டிவிகள் சிலவற்றில் 1080p வைத்ததும் திரை இருண்டு, சிக்னல் இல்லை என்றோ, இந்த ஃபார்மட் ஏற்கப்படாது என்றோ செய்தி வருகிறது.

ஆகவே தேர்வு பெரும்பாலும் 1080i, 720p இரண்டுக்கும் நடுவில். எல்சிடி திரை கோடு விட்டுக் கோடு வரைவதில்லை. எல்லாப் புள்ளிகளையும் ஒருசேரக் காட்டும். எனவே இன்டர்லேஸ்டு படம் வந்தால் யாராவது ஒருவர் இரு பாதிகளையும் இணைத்து முழுப் படமாக்கியே ஆக வேண்டும். அந்த வேலை பாக்ஸுக்கா டிவிக்கா என்பதைத்தான் மெனுவில் தேர்ந்தெடுக்கிறோம்.

32 அங்குல டிவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் எச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080i-யாகவே ஒளிபரப்பாகின்றன. பாக்ஸில் 1080i வைத்தால் படம் அப்படியே டிவிக்குப் போகும். டிவி இரு பாதிகளை இணைத்து, 1080 கோடுகளை 768 ஆகச் சுருக்கிக் காட்டும். 720p வைத்தால் பாக்ஸே இணைத்து 720 ஆகச் சுருக்கும். டிவி அதைத் திரும்ப 768 ஆகப் பெரிதாக்கும். ஒருமுறை சுருக்கி மறுமுறை பெரிதாக்குவதில் நுணுக்கம் கொஞ்சம் போகும். கணக்கின்படி 1080i-தான் வெல்ல வேண்டும். ஆனால் பழைய டிவியில் இணைக்கும் சிப் மட்டமாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

அதைக் கண்டுபிடிக்கச் செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகளே போதும். 1080i வைத்து, திரைக்கு அருகே போய்ப் பார்க்க வேண்டும். எழுத்து நகரும்போது அதன் செங்குத்து ஓரங்கள் சீப்பின் பல் போலப் பிரிந்து தெரிந்தால், வெவ்வேறு நொடித்துணுக்கில் எடுத்த இரு பாதிகளை டிவி அப்படியே ஒட்டுகிறது என்று பொருள். மட்டமான சிப் செய்யும் இன்னொரு காரியம், பாதிப் படத்தை மட்டும் எடுத்து இழுத்து நிரப்புவது. அப்போது சீப்புப் பல் இராது. பதிலாக, கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் மெல்லிய கிடைக்கோடுகளும் சேலைக் கரையின் நெருக்கமான வரிகளும் அசையாமல் இருக்கும்போதே நடுங்கும். இரண்டில் ஒன்று தெரிந்தால் 720p-க்கு மாற்றி, அதே சேனலில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். குறை போய்விட்டால் 720p-யே சரி. போகவில்லை என்றால் பாக்ஸின் சிப்பும் அதே தரம்தான், 1080i-யிலேயே விட்டுவிடலாம்.

எஸ்டி சேனல்களே அதிகம் ஓடும் வீட்டில் நிலைமை வேறு. அவை 576i-யாக வருகின்றன. 1080i வைத்திருந்தால் பாக்ஸ் அதை முழுப் படமாக்கி, 1080 கோடுகளுக்கு இழுத்து, மறுபடி இரு பாதிகளாகப் பிரித்து அனுப்ப, டிவி அதைத் திரும்ப இணைத்துச் சுருக்கும். ஏற்கெனவே மங்கலான படத்துக்கு இவ்வளவு அலைச்சல் ஆகாது. 720p-யோ 576p-யோ போதும். சில பாக்ஸ்களில் Native அல்லது Original என்ற தேர்வு உண்டு. சேனல் எப்படி வருகிறதோ அப்படியே அனுப்பும். டிவியின் சிப் நன்றாக இருந்தால் இதுவே சிறந்தது. எஸ்டியிலிருந்து எச்டிக்குத் தாவும்போதெல்லாம் திரை ஓரிரு வினாடி இருளும். சேனலை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது எரிச்சல்தான்.

பட்டியலில் 50Hz, 60Hz என்று தனித்தனியாக இருந்தால் 50 வைக்க வேண்டும். 60 வைத்தால் வராத பத்துப் படங்களை பாக்ஸ் ஒவ்வொரு வினாடியும் இட்டுக்கட்ட வேண்டும்; ஓடும் எழுத்து சீராகப் போகாமல் விட்டுவிட்டுத் தத்தும். எண் பெரிது என்பதற்காக 60 வைத்துவிட்டு டிவியைக் குறை சொல்பவர்கள் உண்டு.

தவறான தேர்வால் திரை இருண்டுவிட்டால் ரிமோட்டில் எதையும் அழுத்தாமல் 15 வினாடி பொறுக்க வேண்டும். உறுதிசெய்யாவிட்டால் பல பாக்ஸ்கள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் ஏவி கேபிளைச் செருகி, டிவியில் AV-யைத் தேர்ந்தெடுத்தால் மெனு தெரியும். அங்கிருந்து 720p-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியான பிறகும் ஓடும் எழுத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே வெட்டுப்பட்டால் அது பாக்ஸின் குறையல்ல. படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை மறைக்கும் குண்டு டிவிப் பழக்கத்தை எல்சிடிகளும் தொடர்ந்தன. டிவியின் படஅளவு மெனுவில் Just Scan, Screen Fit போன்ற பெயரில் இதை நிறுத்தலாம். சில டிவிகளில் 576 கோடு சிக்னலுக்கு இந்தத் தேர்வு காட்டப்படாது. 720p அல்லது 1080i வந்தால்தான் தோன்றும். எனவே பாக்ஸில் ரெசல்யூஷனை முடிவுசெய்த பிறகே அதைத் தேட வேண்டும்.