உங்களுக்குத் தெரியுமா? பிரெஞ்சு முதலாளியிடம் வேலைச் சான்று கேட்கும் மின்னஞ்சல்

பிரான்ஸில் முதலாளி தரும் வேலைச் சான்றுகளில் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுபவை இரண்டு. ‘செர்த்திஃபிகா த ட்ராவாய்’ என்பது வேலையை விட்டுப் போகும்போது கைக்கு வருவது. ராஜினாமாவோ, பணிநீக்கமோ, ஒப்பந்தம் முடிந்ததோ, காரணம் எதுவானாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை ஆகியவை அதில் இருக்கும். ‘அத்தெஸ்தாசியோன் த ட்ராவாய்’ வேறு. இன்னார் இன்றைய தேதியில் எங்களிடம் வேலையில் இருக்கிறார் என்று சொல்வது அது. வீட்டுக் கடனுக்கு வங்கியும், விசாவுக்குத் தூதரகமும் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். முதலாவதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால், “கிளம்பப் போகிறீர்களா?” என்ற கேள்விதான் எச்.ஆரிடமிருந்து முதலில் வரும். ஆகவே பொருள் வரியிலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது:

```
Objet : Demande d'attestation de travail
```

★

வேலையில் இருக்கும்போது கேட்கும் அந்தச் சான்றைக் கொடுத்தே தீர வேண்டும் என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் பொதுவான விதி கிடையாது. சம்பளச் சீட்டு மாதாமாதம் கட்டாயம், இது அப்படியல்ல. வழக்கத்தால் பெரும்பாலான நிறுவனங்கள் கொடுத்துவிடுகின்றன, அவ்வளவுதான். அதனால்தான் இந்த மின்னஞ்சல் உரிமைக் கோரிக்கையாக இல்லாமல் வேண்டுகோளாக எழுதப்படுகிறது. “அனுப்புங்கள்” என்று எழுதுவதில்லை, “அனுப்பித் தர இயலுமா” என்ற தொனியில் கேட்கிறார்கள். தொடக்கத்தில் ‘மதாம்’ அல்லது ‘முஸ்யூ’ போதும், பக்கத்தில் குடும்பப் பெயர் சேர்க்காமல் விடுவதே பழைய மரபு. காகிதக் கடிதத்துக்கே உரிய அந்த நீண்ட மரியாதை வாக்கியம் அலுவலக மின்னஞ்சலின் முடிவில் தேவைப்படாது. ‘கோர்தியால்மான்’ என்று முடித்தால் குறையாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

★

கடன் கேட்பவரின் சான்றில் வங்கி முதலில் தேடுவது சம்பளத் தொகையை அல்ல. அதற்கு சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன. வங்கியின் கண் போவது ஒரே ஒரு வாக்கியத்துக்கு: இவர் தகுதிகாண் காலத்தில் இல்லை, ராஜினாமா செய்யவில்லை, விலகல் முன்னறிவிப்புக் காலத்தில் இல்லை, இவர்மீது பணிநீக்க நடவடிக்கையும் இல்லை.

இது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விவரம் போதும். ‘செ.தெ.இ.’ எனப்படும் நிரந்தர ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கும் தகுதிகாண் காலம் வைக்கலாம். சாதாரண ஊழியருக்கு 2 மாதம், தொழில்நுட்பப் பணியாளருக்கு 3 மாதம், ‘காத்ர்’ எனப்படும் உயர்நிலைப் பணியாளருக்கு 4 மாதம் வரை. துறை ஒப்பந்தம் அனுமதித்தால் ஒருமுறை நீட்டிக்கவும் செய்யலாம். அந்தக் காலத்துக்குள் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் உறவை முறித்துக்கொள்ளலாம். 20 வருடக் கடன் கொடுக்கப்போகிறவருக்கு அது கவலை தராமல் இருக்குமா? ஆகவே அந்த வாக்கியத்தைச் சான்றில் சேர்க்கும்படி மின்னஞ்சலிலேயே வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எச்.ஆர். தன் வழக்கமான மாதிரித் தாளை அனுப்பிவிடும். அதில் அது இல்லாமல் போகலாம்.

★

லியோனில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 10 அன்று விற்பனை முன்னொப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். கடன் கிடைக்காவிட்டால் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள அதில் ஒரு நிபந்தனை உண்டு. அதற்கான கெடு சட்டப்படி ஒரு மாதத்துக்குக் குறையக் கூடாது. இவருடைய ஒப்பந்தத்தில் 45 நாள். அதாவது ஏப்ரல் 24க்குள் வங்கியின் பதில் வந்தாக வேண்டும். சான்றுக்காகவே இரண்டு வாரம் போனால், வங்கிக்கு மிஞ்சுவது ஒரு மாதம்தான்.

ஆகவே அவர் மார்ச் 11 அன்றே எழுதுகிறார். முதல் வாக்கியத்தில் காரணம்: வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்காக வங்கி வேலைச் சான்று கேட்டிருக்கிறது. இரண்டாவதில் தேவையான விவரங்கள்: சேர்ந்த தேதி, பதவி, நிரந்தர ஒப்பந்தம், முழுநேர வேலை, பிடித்தங்களுக்கு முந்தைய ஆண்டுச் சம்பளம், அத்துடன் மேலே சொன்ன அந்த வாக்கியம். மூன்றாவதில் தேதி: முடிந்தால் மார்ச் 21க்குள், கையெழுத்திட்ட பிடிஎஃப் ஆக. கடைசியில் முழுப்பெயரும் சம்பளச் சீட்டில் உள்ள ஊழியர் எண்ணும். எந்தத் தெருவில் எத்தனை அறை வீடு, விலை எவ்வளவு என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் அதை எழுதவும் இல்லை.

★

எச்.ஆர். பிரிவே இல்லாத சின்ன உணவகம், கடை போன்ற இடங்களில் சம்பளச் சீட்டைப் பெரும்பாலும் வெளிக் கணக்காளர் அலுவலகம்தான் தயாரிக்கிறது. பாரீஸின் லா ஷாப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். அங்கே முதலாளிக்கு எழுதும்போது, சான்றின் வரைவையும் தானே தட்டச்சு செய்து இணைத்து அனுப்பினால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். தாளின் தலைப்பில் நிறுவனப் பெயர், முகவரி, 14 இலக்க ‘சிரெத்’ எண் இருக்க வேண்டும். வங்கி அந்த எண்ணைப் பொதுப் பதிவேட்டில் தட்டிப் பார்த்து நிறுவனம் உண்மையில் இயங்குகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளும்.

★

வங்கிக்குக் கொடுக்கும் இதே தாளை விசாவுக்கு அனுப்பினால் போதாது. டாக்காரிலோ துனிஸிலோ வேலை பார்ப்பவர் பிரான்ஸுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா கேட்கிறார் என்றால், விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரியின் கேள்வி வேறு: இவர் திரும்பிப் போவாரா? ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் இணைப்பிலேயே, ஊர் திரும்பும் எண்ணத்தைக் காட்டும் ஆவணங்களுள் வேலைக்கான சான்றும் இடம்பெற்றிருக்கிறது. எனவே மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை விடுப்பு அனுமதிக்கப்பட்டது என்பது, அது முடிந்ததும் அவர் அதே பதவியில் மீண்டும் சேருவார் என்பது. விடுப்புத் தேதியும் விமானப் பயணத் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் சான்றே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். பெயர் கடவுச்சீட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்தைத் தன் பெயரோடு சேர்த்து எழுதும் நம்மவர்களுக்கு அடிக்கடி இடிக்கும் இடம் இதுதான்.

★

உண்மைக்கு மாறான விவரத்துடன் சான்று எழுதுவதும், தெரிந்தே அதைப் பயன்படுத்துவதும் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 441-7ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம். வசிப்பு அனுமதி பெறுவதற்காகச் செய்திருந்தால் அது மூன்று ஆண்டு, 45,000 யூரோ. தகுதிகாண் காலம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, “முடிந்துவிட்டது என்று போட்டுவிடுங்களேன்” என்று எச்.ஆரிடம் கேட்பது அவரையும் சேர்த்து மாட்டிவிடுவதாகும். பத்து நாள் பொறுத்துவிட்டுக் கேட்பதே வழி.

★

ஒரு வாரமாகியும் பதில் இல்லையா? முதலில் அனுப்பிய மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே, கெடுத் தேதியை நினைவூட்டி இரண்டு வரி போடலாம். அதற்கும் அசையாவிட்டால், வேலை ஒப்பந்தத்தின் நகல், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், வருமான வரி அறிவிப்பு ஆகியவற்றை வங்கியில் கொடுத்து, முதலாளி சான்று தரவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். சம்பளச் சீட்டிலேயே சேர்ந்த தேதி இருந்தால் பாதி வேலை முடிந்தது. தகுதிகாண் காலம் பற்றிய கேள்விக்கு ஒப்பந்தத்தில் உள்ள காலவரையை அந்தத் தேதியோடு கூட்டிப் பார்த்து வங்கி ஊழியரே விடை கண்டுகொள்ளலாம். ராஜினாமா, பணிநீக்கம் இல்லை என்ற உறுதி மட்டும் இந்தத் தாள்களில் கிடைக்காது. அது இல்லாமல் கடன் தருவதா என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்யும்.